'பில் மாறிப்போச்சு' என்று எழுதாதீர்கள்

வணக்கம் மேடம். கோத்தகிரியில் தேயிலைத் தூள் பாக்கெட் போட்டு விற்கும் சின்ன கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவருக்குப் போன பில்லில் விலை தப்பு. நேற்று ராத்திரி அவர் போன் செய்ததிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே களேபரம். கடைசியில் முதலாளி, "காலையில அவருக்கு முறையா ஒரு லெட்டர் எழுதி அனுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். குரூப்பில் வந்த மெசேஜ் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதை எப்படி லெட்டர் ஆக்குவது? தப்பு என் தலையில் விழுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

— ஒரு வாசகி, கோத்தகிரி

நீங்கள் அனுப்பிய 61 மெசேஜையும் இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வேண்டிய கடிதம் அதற்குள்ளேயே இருக்கிறது. 47ஆவது மெசேஜைப் பாருங்கள். இரவு 10.05க்கு நீங்களே போட்டது: "ஆர்டர் 3ந்தேதி. விலை மாத்தினது 6ந்தேதி. லிஸ்ட் மாத்தும்போது பெண்டிங் ஆர்டர் பாக்கல. 240 கிலோ." இதற்கு யாரும் பதில் போடவில்லை. அடுத்த மெசேஜே மறுபடி "யார் பண்ணது இது?" என்று போய்விட்டது. அந்த 61இல் காகிதத்தோடு ஒத்துப்பார்க்கக்கூடியது இந்த ஒன்றுதான். கடிதத்தை இதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மெசேஜில் சொன்னதையும் நம்பாதீர்கள், உங்களுடையதாகவே இருந்தாலும் சரி. ராத்திரி பத்து மணிக்கு நினைவிலிருந்து எழுதியது அது. ஆர்டர் வந்த குறிப்பு, 6ஆம் தேதி மாற்றிய விலைப்பட்டியல், 8ஆம் தேதி போட்ட 147ஆம் எண் பில், இந்த மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆர்டர் குறிப்பில் விலை கிலோவுக்கு 220 ரூபாய் என்று எழுதியிருக்கிறதா, 3ஆம் தேதி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் கணக்கைக் கால்குலேட்டரில் புதிதாகப் போடுங்கள். குரூப்பில் வந்த எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பில் படத்தை வைத்து நான் போட்ட கணக்கு இது. 240 கிலோ, கிலோ 238 வீதம் 57,120 ரூபாய். தேயிலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 2,856. ஆக பில் தொகை 59,976. பேசிய விலை 220 என்றால் 52,800, வரி 2,640, ஆக 55,440. கூடுதலாகப் போட்டது 4,536 ரூபாய். அதில் சரக்கின் மதிப்பு 4,320, வரி 216. கடை கோயம்புத்தூரில், மாநிலத்துக்குள்ளேயே விற்பனை, அதனால் அந்த 216இல் மத்திய வரி 108, மாநில வரி 108. இந்த எண்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது குரூப்பில் வந்த மற்ற மெசேஜ்களுக்கு வருகிறேன். அவற்றில் மூன்று கடிதத்தைக் கெடுத்துவிடும். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 9.01க்கு வந்த "இந்த மாசம் போன பில் எல்லாமே தப்பாத்தான் இருக்கும்". பதற்றத்தில் வருவது இப்படித்தான்: ஒரு பில் தப்பு என்றால் எல்லாம் தப்பு என்று மனம் ஓடும். இது கடிதத்துக்குள் போனால் கடைக்காரர் போன மாத பில்லையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். போகாமலே விட்டாலும் தவறு, ஏனென்றால் அவர் மனதிலும் அதே கேள்விதான் இருக்கும். இதற்கு விடை தேடுவது எளிது. உங்களுக்குக் காரணம் தெரிகிறதே: 6ஆம் தேதி பட்டியல் மாறியது. ஆகவே தவறு வரக்கூடிய இடம், 6ஆம் தேதிக்கு முன் ஆர்டர் வந்து, 6ஆம் தேதியோ அதற்குப் பின்னோ பில் போட்டவை மட்டும்தான். அவற்றை எடுத்துப் பாருங்கள். இந்தக் கடைக்காரர் பெயரில் அப்படி வேறு பில் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய பட்டியலில் அவருக்கு ஜூலையில் இன்னொரு பில்தான் இருக்கிறது, 2ஆம் தேதி போட்டது, பழைய விலை. அது சரி. இதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, 9.10க்கு விற்பனை பார்க்கும் தம்பி போட்டது: "சாருக்கு 5,000 குறைச்சுக்கறோம்னு சொல்லிட்டேன்." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், வாடிக்கையாளரைச் சமாதானம் செய்ய. ஆனால் கடைக்காரர் காதில் 5,000 விழுந்துவிட்டது. நீங்கள் பேசாமல் 4,536க்குக் கடிதம் அனுப்பினால், "நேத்து ஐயாயிரம்னு சொன்னாங்க, இன்னைக்கு நானூத்தி சொச்சம் அமுக்கிட்டாங்க" என்றுதான் அவருக்குத் தோன்றும். தவறைத் திருத்தும் கடிதமே இரண்டாவது தவறாக நிற்கும். அதனால் அந்த 5,000ஐக் கடிதத்தில் பெயர் சொல்லி எடுங்கள்: நேற்று போனில் சொன்னது கணக்குப் பார்க்காமல் சொன்ன தொகை, சரியான தொகை இது, கணக்கு கீழே. முதலாளி அந்த வாக்கைக் காப்பாற்ற நினைத்தால் நல்லதுதான், அது அவர் முடிவு. ஆனால் மீதி 464 ரூபாய் பில் திருத்தம் ஆகாது, அது அவர் மனமுவந்து விடும் தள்ளுபடி. அதைத் திருத்தக் கணக்கோடு கலக்காமல், வரியைத் தொடாமல் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மொத்த வியாபாரிக்கு ஒரே சாயங்காலத்தில் மூன்று தொகை சொன்னேன், ஒவ்வொரு முறையும் "இதுதான் சார் கரெக்ட்" என்று. மூன்றாவது தொகை நிஜமாகவே சரி. அவர் அதை ஏற்கவே இல்லை. அவருடைய கணக்குப்பிள்ளையை பஸ் ஏற்றி மேலே அனுப்பி, எங்கள் லெட்ஜரைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, 9.20க்கும் 9.31க்கும் வந்த இரண்டு யோசனைகள். "பழைய பில்லை டெலீட் பண்ணிட்டு அதே நம்பர்ல புதுசு போட்ரலாம்" என்பது ஒன்று, "அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டாம்.

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, 59,976க்கான பில் அவர் கடையில் இருக்கிறது, ஒருவேளை அவர் கணக்கில் ஏறியும் இருக்கும். நீங்கள் அதே எண்ணில் 55,440க்கு இன்னொன்று போட்டால் ஊரில் ஒரே எண்ணில் இரண்டு பில் உலாவும். நாளைக்கு யார் கேட்டாலும் எது உண்மை என்று நிரூபிக்க முடியாது. அடுத்த பில்லில் கழிப்பது இன்னும் சாதுவாகத் தெரியும், ஆனால் இந்த பில்லில் கூடுதலாகப் போட்ட வரி 216 ரூபாய் அப்படியே நிற்கும். அவர் 2,856 ரூபாயையும் உள்ளீட்டு வரியாக எடுப்பார், அதாவது தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார். அடுத்த பில்லில் காரணமில்லாமல் விலை குறைந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கத்திலும் யாருக்கும் ஏன் என்று நினைவிருக்காது.

இதற்கென்றே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பில்லில் மதிப்போ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி விற்றவர் கிரெடிட் நோட் கொடுக்கலாம். குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட். பழைய பில் அப்படியே இருக்கும், அதன் மேல் இந்த நோட் உட்காரும். நோட்டுக்குத் தனி வரிசை எண்ணும் தேதியும் வேண்டும். எந்த பில்லுக்கானது என்று அந்த பில்லின் எண்ணும் தேதியும் வேண்டும். குறைக்கும் மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, இரு தரப்பின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கையொப்பம் இவையும் இருக்க வேண்டும். நீங்கள் மாதாமாதம் தாக்கல் செய்பவர்களாக இருந்தால் ஜூலை விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1ஐ ஆகஸ்ட் 11க்குள் போட வேண்டும், அதில் 147ஆம் பில்லும் போகும், இந்த நோட்டும் போகும். 14ஆம் தேதி உருவாகும் அவருடைய உள்ளீட்டு வரிப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் இரண்டும் சேர்ந்தே தெரியும். இன்றைக்கே செய்தால் இவ்வளவு சுலபம். அதிகபட்சக் கெடு நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள் வரை, எது முந்தியதோ அது. ஆனால் அவ்வளவு தள்ளிப்போட்டால் அவர் எடுத்துவிட்ட வரியைத் திருப்பிக் கட்டச் சொல்ல வேண்டியிருக்கும். தவறு உங்களுடையது, அலைச்சல் அவருக்கு.

கிரெடிட் நோட்டே போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நோட்டில் தொகை இருக்கும், ஏன் என்பது இருக்காது. அதோடு, ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் கிரெடிட் நோட்டை வாங்கியவர் ஏற்கலாம், நிராகரிக்கவும் செய்யலாம். விவரம் தெரியாத அவருடைய ஆடிட்டர் ஆபீஸ் பையன் நிராகரித்துவிட்டால், நீங்கள் குறைத்த வரி மறுபடி உங்கள் தலையில் ஏறும். அதனால் கடிதம் முன்னால் போக வேண்டும், நோட்டு அதோடு இணைப்பாக.

இனி நீங்கள் பயப்படும் விஷயம், அதாவது யார் தவறு என்று எழுதுவது. நம் மொழியில் இதிலிருந்து நழுவ வழிகள் ஏராளம். "பில் மாறிப்போச்சு", "விலை கூடிடுச்சு", "சிறு பிழை நேர்ந்துவிட்டது", "தவறு ஏற்பட்டதற்கு வருந்துகிறோம்". இந்த வாக்கியங்களில் செய்தவர் யாரும் இல்லை. மழை பெய்கிற மாதிரி தவறு தானாக வந்து விழுகிறது. பேச்சில் இது மரியாதைக்கான வழக்கம், அதில் குற்றமில்லை. பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் மட்டும் படிப்பவர் உடனே கவனிப்பார்: இவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா, இல்லையா? ஒரே ஒரு வினையை மாற்றினால் போதும். "238 என்று போட்டுவிட்டோம்." யார்? நாங்கள்.

அந்த "நாங்கள்" உங்களுக்கும் பாதுகாப்பு. குரூப்பில் "யார் பண்ணது" என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி கடிதத்துக்குள் வரக்கூடாது. "எங்கள் பில்லிங் பெண் கவனிக்கவில்லை" என்று எழுதினால் கடைக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, கம்பெனி ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒளிகிறது என்றுதான் தெரியும். அவருக்கு வேண்டியது ஆள் இல்லை, காரணம். காரணம் இதுதான்: குன்னூர் ஏலம் வாராவாரம் நடக்கிறது, ஏல விலை ஏறினால் நீங்கள் பட்டியலை மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போது ஏற்கெனவே பேசி முடித்த ஆர்டர்களைத் தனியே எடுத்துவைக்க உங்கள் கம்பெனியில் வழி இல்லை. நீங்கள் லீவில் இருந்து வேறு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதே பில்தான் வந்திருக்கும். முதலாளியிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். கையொப்பமும் அவருடையதாக இருக்கட்டும். பணத்தைக் குறைக்க அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் கடிதத்துக்கு மதிப்பு.

கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் மாற்றாதீர்கள்.

> ஜூலை 10
>
> மதிப்புக்குரிய ஐயா,
>
> பொருள்: பில் எண் 147 (ஜூலை 8) — கூடுதலாகப் போட்ட 4,536 ரூபாயைக் குறைத்தல்
>
> ஜூலை 3ஆம் தேதி நீங்கள் கொடுத்த 240 கிலோ தேயிலைத் தூள் ஆர்டருக்குக் கிலோ 220 ரூபாய் என்று நாம் பேசியிருந்தோம். எங்கள் பில்லில் 238 ரூபாய் என்று போட்டுவிட்டோம். ஜூலை 6ஆம் தேதி விலைப்பட்டியலை மாற்றியபோது, அதற்கு முன் வந்த ஆர்டர்களுக்குப் பழைய விலையைத் தனியே குறித்துவைக்காதது எங்கள் தவறு. நேற்று நீங்கள் சொன்ன பிறகுதான் இதைக் கவனித்தோம். மன்னிக்க வேண்டும்.
>
> பில்லில் போட்டது: 57,120 + வரி 2,856 = 59,976 ரூபாய்
> போட்டிருக்க வேண்டியது: 52,800 + வரி 2,640 = 55,440 ரூபாய்
> குறைக்கும் தொகை: 4,320 + வரி 216 = 4,536 ரூபாய்
>
> இதற்கான கிரெடிட் நோட் எண் 9, இன்றைய தேதியில், இத்துடன் இணைத்துள்ளோம். நேற்று போனில் எங்கள் தரப்பில் 5,000 ரூபாய் என்று சொன்னோம். அது கணக்குப் பார்க்கும் முன் சொன்ன தொகை, சரியானது மேலே உள்ளதுதான்.
>
> நீங்கள் இந்த பில்லுக்குச் செலுத்த வேண்டியது 55,440 ரூபாய். பில் எண் 147ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கிரெடிட் நோட்டையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றும்படி உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். உள்ளீட்டு வரி 2,640 மட்டும் எடுக்க வேண்டும். போர்ட்டலில் கிரெடிட் நோட் தெரியும்போது அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லவும்.
>
> ஜூலை மாதத்தில் உங்களுக்குப் போட்ட இன்னொரு பில்லையும் (ஜூலை 2) சரிபார்த்தோம், அதில் தவறில்லை. 6ஆம் தேதிக்கு முன் வந்து இன்னும் அனுப்பாத எல்லா ஆர்டர்களையும் இன்று காலை தனியே எடுத்து, பேசிய விலையை ஒவ்வொன்றிலும் எழுதிவிட்டோம்.
>
> சந்தேகம் எதுவானாலும் என்னையே நேரில் அழையுங்கள்.
>
> இப்படிக்கு,
> (முதலாளி பெயர், கையொப்பம், போன் எண்)

கடைசிக்கு முந்தின பத்தியில் "எழுதிவிட்டோம்" என்று இருப்பதைக் கவனியுங்கள். அந்த வேலையை நிஜமாகச் செய்து முடித்த பிறகுதான் கடிதம் போக வேண்டும். செய்ய நேரமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். "இனி இப்படி நடக்காது" என்று அந்த இடத்தில் போடாதீர்கள். அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது, அடுத்த முறை நடந்தால் அந்த வரியைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார். அவர் ஏற்கெனவே முழுத் தொகையும் கட்டியிருந்தால், செலுத்த வேண்டியது என்ற வரிக்குப் பதிலாக, 4,536ஐ வங்கியில் திருப்பிப் போடட்டுமா அல்லது கணக்கில் வைக்கட்டுமா என்று கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், அது அவர் பணம்.

அனுப்பும் முறையும் முக்கியம். முதலாளி முதலில் போன் செய்யட்டும், இரண்டு நிமிடம்: "ஐயா, தப்பு எங்களதுதான், 4,536 குறைக்கறோம், லெட்டர் அனுப்பறேன்." பிறகு கடிதமும் நோட்டும் பிடிஎஃப் ஆக மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் போகட்டும். அசல் அடுத்த லோடோடு கீழே இறங்கட்டும். குரூப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு யாரும் அனுப்பக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். நாளைக்கு 5,000 பற்றி யாராவது கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. உங்கள் 58ஆவது மெசேஜ், இரவு 11.20: "மேட்டுப்பாளையம் கடை ஆர்டரும் 4ந்தேதி தானே?" இதற்கும் யாரும் பதில் போடவில்லை, எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அந்தக் கடைக்கு 7ஆம் தேதி பில் போயிருக்கிறது, 90 கிலோ, விலை 238. அவர்களோடு என்ன விலை பேசினீர்கள் என்று ஆர்டர் குறிப்பைப் பாருங்கள். 220 என்றால் 1,620 ரூபாயும் வரி 81ம், மொத்தம் 1,701 குறைய வேண்டும். அவர் இன்னும் கவனிக்கவில்லை, போனும் செய்யவில்லை. கோயம்புத்தூர் கடிதம் போகும்போதே, எண்களையும் தேதிகளையும் அவருடைய பில்லுக்கு மாற்றி, "நேற்று நீங்கள் சொன்ன பிறகுதான்" என்ற வரியையும் 5,000, ஜூலை 2 பில் பற்றிய வரிகளையும் எடுத்துவிட்டு, அவருக்கும் தனி மெயிலில் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.